காணாக்கடி

"என்னமோ கடிச்சிருச்சுடி" என்று அம்மா கத்தியபோது லயத்தில் கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. இரண்டு வருசத்துக்கு முந்திய ஐப்பசி, பசறைப் பக்கம். பின்னேரம் தொடங்கிய இடிமழை விட்டபாடில்லை, தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் பேசுவதுகூடக் கேட்காது. அம்மா பாயில் காலை நீட்டிக் கம்பளியை இழுத்திருக்கிறார், அவ்வளவுதான். இடது பாதத்தின் ஓரம், சுண்டு விரலுக்குக் கொஞ்சம் கீழே. கடித்தது என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, காணாக்கடி. உடம்பெல்லாம் தடித்து அரித்தாலும் காணாக்கடி என்பார்கள், இருட்டில் பெயர் தெரியாத ஒன்று கொட்டினாலும் காணாக்கடிதான். தேளும் பூரானும் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள், அதை எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்தச் சொல்தான் முதலில் வருகிறது, ஏனென்றால் கடித்தது தேள் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும், பூரான் என்று தெரிந்தால் முக்கால்வாசி போய்விடும். நம்மைச் சிக்கலில் விடுவது தெரியாத கடி.

முதலில் இதுகள் ஏன் மழைக்கு வீட்டுக்குள் வருகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூரானுக்கு ஈரம் வேண்டும். அதன் தோலில் நம் ஊர்ப் பூச்சிகளுக்கு இருப்பது போன்ற மெழுகுப் பூச்சு சரியாகக் கிடையாது, வெயிலில் கிடந்தால் சீக்கிரம் காய்ந்து செத்துப்போகும், அதனால்தான் கல்லுக்கு அடியிலும் மக்கிய இலைக்கு அடியிலும் பகல் முழுக்கக் கிடந்துவிட்டு இரவில் வெளியே வருகிறது. ஆனால் ஈரம் வேண்டும் என்பதற்காக முங்கிக் கிடக்க முடியாதே. அடைமழையில் மண் குடித்து முடித்த பிறகு தண்ணீர் பொந்துக்குள் நிற்கும், அப்போது தேளும் பூரானும் மேட்டுக்கு ஏறுகின்றன. மலைச்சரிவில் வெட்டிய தட்டில் கட்டிய லயத்துக்குப் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியே இருக்கும், கான் அடைத்திருந்தால் ஊறும் தண்ணீர் சுவரோரமாகவே வரும். அதுகளுக்கு மேட்டுநிலம் என்பது நம் காம்பராவின் தரைதான். உள்ளே வந்தால் கரப்பான் இருக்கிறது, சில்வண்டு இருக்கிறது, முதல் மழைக்கு ஈசல் வேறு விளக்கைச் சுற்றி விழுகிறது. போதாததற்கு நாமே விறகோடு சேர்த்துச் சுமந்தும் வருகிறோம். நனையக்கூடாது என்று மலையிலிருந்து வந்த விறகை நேரே அடுப்படி மூலையில் அடுக்குகிறோம் இல்லையா, அந்தப் பட்டைக்கு அடியில் இருப்பவை சூடு கண்டதும் இறங்கி நடக்கின்றன.

நுவரெலியா மாதிரி குளிர் உச்சியில் இந்தத் தொல்லை குறைவு. பதுளை, பசறை, புசல்லாவை, கம்பளை, கண்டி என்று உயரம் இறங்க இறங்கத்தான் அதிகம்.

சரி, அம்மாவின் காலுக்கு வருகிறேன்.

நான் போனின் டோர்ச்சை அடித்தேன். ஊசியால் குத்தியது போல இரண்டு சிவப்புப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே அரை விரற்கடை இருக்கும், சுற்றிலும் ஏற்கெனவே சிவந்து தடிக்கத் தொடங்கியிருந்தது. "நெருப்ப வச்சாப்ல இருக்கு" என்றார் அம்மா. இரண்டு புள்ளியைப் பார்த்ததும் பக்கத்துக் காம்பராப் பெரியப்பா "ரெண்டு பல்லு, பாம்புதான்" என்றுவிட்டார். மதினி அழத் தொடங்கிவிட்டாள்.

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறோம். பூரானும் இரண்டு புள்ளிதான் வைக்கும். பூரான் நம்மைக் கொட்டுவது வாலால் இல்லை, தலைக்குக் கீழே முதல் சோடிக் கால்கள் கொடுக்காக மாறி, கிடுக்கி போல இரண்டு பக்கமிருந்தும் குத்துகின்றன, நஞ்சும் அதன் நுனியில்தான் வருகிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான இரண்டு கால்களைப் பார்த்து அதுதான் கொடுக்கு என்று பயப்படுகிறோம், அது வெறும் கால். தேள் அப்படியில்லை, வால் நுனியில் ஒரே முள், ஆகவே ஒரே புள்ளி, அதுவும் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. ஆக ஒற்றைப் புள்ளி என்றால் தேள், இரட்டைப் புள்ளி என்றால் பாம்பு என்று கணக்குப் போட முடியாது. பாம்பு கடித்தும் ஒரு பல் மட்டும் பதிந்திருக்கலாம், ஒரு கீறல் மட்டும் இருக்கலாம். புள்ளியை எண்ணித் தீர்ப்புச் சொல்லும் பெரியப்பாமார் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள், அன்பானவர்கள்தான், ஆனால் இந்த விசயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

வலியை வைத்துச் சொல்லலாமா என்றால் அதுவும் பாதிதான். பூரான் கடித்த அந்த நொடியே எரிச்சல் கொளுத்தும், சிவக்கும், வீங்கும், சில மணி நேரத்தில் தொடை இடுக்கில் நெறி கட்டும். ஆனால் மலைநாட்டில், முக்கியமாகத் தேயிலைக்கும் சருகுக்கும் நடுவில், கூர்மூக்கு விரியன் என்ற சின்னப் பாம்பு இருக்கிறது, சிங்களத்தில் குணகட்டுவா, போலன் தெலிஸ்ஸா என்பார்கள். இலங்கையில் நஞ்சுப் பாம்புக்கடிகளில் அதிகம் இதனுடையதுதான். அதன் கடியும் உடனே வலிக்கும், உடனே வீங்கும். இன்னொரு பக்கம் கரவலா, அதாவது கட்டு விரியன், இரவில் தூங்குகிறவரைக் கடித்தால் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காமல் போகலாம், விடியப்போகும் நேரத்தில் வயிற்று வலி, இமை சொருகுதல், பேச்சுக் குளறுதல் என்று தொடங்கும். ஆகவே வலி கடுமையாக இருந்தால் பூரான்தான் என்றும் சொல்ல முடியாது, வலியே இல்லை என்றால் ஒன்றுமில்லை என்றும் விட முடியாது. பார்க்காத கடியைப் பாம்புக் கடி என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், பிறகு பூரான் என்று தெரியவந்தால் ஆட்டோ காசு மட்டும்தான் நட்டம்.

நான் இதையெல்லாம் அந்த நேரத்தில் இப்படிக் கோவையாக யோசிக்கவில்லை. கைதான் முதலில் வேலை செய்தது. அம்மாவின் மெட்டியைக் கழற்றினேன். வீக்கம் ஏறிய பிறகு மெட்டி கழலாது, விரலை இறுக்கி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையில் கடித்தால் மோதிரம், வளையல், கடிகாரம், கறுப்புக் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கொலுசையும் கழற்றினேன். நான் மெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியப்பா கணுக்காலுக்கு மேலே சேலைக் கிழிசலைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார், "விசம் மேல ஏறாம இருக்கும்" என்று.

அவரிடம் சண்டை போட நேரமில்லை. "பெரியப்பா, கட்டுனா காலே போயிரும், எடுத்துருங்க" என்று சொல்லி நானே அவிழ்த்தேன். பூரான் கடிக்கும் தேள் கொட்டுக்கும் கட்டுப் போட்டால் ஒரு நன்மையும் கிடையாது, நஞ்சு அதே இடத்தில் கட்டிக் கிடந்து வலியும் வீக்கமும்தான் கூடும். விரியன் கடி என்றாலோ இன்னும் மோசம், அந்தச் சதை அழுகக்கூட வாய்ப்பு உண்டு. இது போட்டு இரண்டு நிமிடம் ஆன கட்டு என்பதால் தைரியமாக அவிழ்த்தேன். வேறு யாரோ கட்டி நெடுநேரமாகி, கால் நீலம் பாரித்திருந்தால் அதை வீட்டில் வைத்து வெடுக்கென்று அவிழ்க்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், அங்கே தயாராக இருந்துகொண்டு தளர்த்துவார்கள்.

அதற்குள் மதினி மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டாள். அதற்குப் பின்னால் யாரோ வெங்காயம் வெட்டிக்கொண்டு வந்தார்கள். சுண்ணாம்பு, புளியங்கொட்டை, பிளேடால் கீறி உறிஞ்சுவது, எல்லாமே எங்கள் லயத்தில் ஏதாவது ஒரு காலத்தில் நடந்ததுதான். எதுவும் நஞ்சை எடுக்காது. கீறினால் விரியன் கடியில் இரத்தம் நிற்காமல் போகலாம், மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், பிறகு வீக்கம் எதனால் வந்தது என்று டொக்டருக்கே குழப்பம் வரும். நான் செய்தது சவர்க்காரம் போட்டு மெதுவாகக் கழுவியது மட்டும்தான், தேய்க்கவில்லை. பிறகு பிள்ளையின் பேனாவை வாங்கி, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 9.50 என்று நேரம் எழுதினேன். வைத்திய உலகத்தில் இதைவிட மலிவான கருவி இருக்குமா தெரியாது. அரை மணி கழித்துப் பார்க்கும்போது வீக்கம் கோட்டைத் தாண்டிவிட்டதா, எவ்வளவு தூரம் என்று ஊகிக்காமல் சொல்ல முடிகிறது. பயத்தில் இருக்கிறவர்களுக்கு "கூடிக்கிட்டே போகுது" என்றுதான் எப்போதும் தோன்றும்.

வலிக்கு என்ன கொடுப்பது என்பது அடுத்த பிரச்சினை. வீட்டில் மூட்டு வலிக்கு வைத்திருந்த டைக்ளோஃபெனாக் இருந்தது, அம்மா அதைத்தான் கேட்டார். கொடுக்கவில்லை. பாம்புக் கடி இல்லை என்று உறுதியாகும்வரை அந்த வகை மாத்திரைகளும் அஸ்பிரினும் கூடாது, இரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. பெனடோல் கொடுக்கலாம், பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, அடுத்ததற்குக் குறைந்தது நாலிலிருந்து ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும், ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக்கூடாது. அம்மா மெலிந்த உடம்பு, ஒன்றரைதான் கொடுத்தேன்.

தம்பி 1990க்கு அடித்தான். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் எங்கள் தோட்டத்து ரோட்டில் மழைக்கு மண் சரிந்திருந்ததால் கடைச் சந்தி வரைக்கும்தான் வர முடியும் என்றார்கள். டிஸ்பென்சரி வழக்கம்போலப் பூட்டிக் கிடந்தது, அதைப் பற்றிப் பேசினால் வேறு கட்டுரை ஆகிவிடும். சந்தி வரைக்கும் அம்மாவை நடக்க விடக்கூடாது என்பது மட்டும் தெரியும். கடித்த காலை அசைக்க அசைக்க, அது பாம்பாக இருந்தால், நஞ்சு பரவும். ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, காலை ஒரு மட்டக்கம்போடு சேர்த்து இரண்டு சேலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டி, தம்பியும் பெரியப்பாவின் மகனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். தளர்வாக என்றால் கட்டுக்கு அடியில் ஒரு விரல் போய் வர வேண்டும். கொழுந்து பறிக்கையில் செடிமட்டத்தைப் பார்க்க அம்மா இருபத்தைந்து வருசம் வைத்திருந்த கம்பு அது. படி முழுக்கப் பாசி. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா எங்களை வைதுகொண்டே வந்தார், அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, வைகிறவருக்குப் பேச்சுக் குளறவில்லை, மூச்சு வாங்கவில்லை என்று அர்த்தம்.

பிரதேச ஆஸ்பத்திரியில் அந்த இளம் டொக்டர் முதலில் கேட்டது கடித்ததைப் பார்த்தீர்களா என்று. இல்லை என்றதும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து மேசையில் அசைக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு, இருபது நிமிடம் அதைத் தொடக்கூடாது என்றார். இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்துக் காட்டினார், இரத்தம் கட்டியாகி நின்றது. அது தண்ணீர் போல ஓடியிருந்தால் விரியன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது என்று பொருள். இவ்வளவு சாதாரணமான சோதனை, பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயும் பொறுமையும் போதும். ஆனால் ஒரு தடவை நன்றாக வந்ததால் முடிந்தது என்று இல்லை, சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் செய்தார்கள். இமையைத் தூக்கிப் பார்த்தார்கள், சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டார்கள், ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டார்கள்.

பதினொன்றரைக்குத் தம்பி பெண்சாதி போனில் ஒரு படம் அனுப்பினாள். கரண்ட் வந்து பாயை உதறியபோது கம்பளி மடிப்பிலிருந்து ஒரு சாண் நீளச் செம்பழுப்புப் பூரான் விழுந்து ஓடியிருக்கிறது, விளக்குமாற்றால் அடித்து வைத்திருந்தாள். எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. நான் படத்தைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி, அப்போ வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பூரான் பாயில் இருந்தது என்பதற்காகப் பூரான்தான் கடித்தது என்று நான் எழுத முடியாது, அநேகமாக அதுதான், ஆனாலும் காலையில் இன்னொரு தடவை இரத்தம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி.

விடியும்போது வீக்கம் என் பேனாக் கோட்டுக்கு மூன்று விரற்கடை மேலே வந்து நின்றிருந்தது, நெறி கட்டியிருந்தது, ஆனால் கடுப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. பூரான் கடி பெரும்பாலும் இப்படித்தான், கொளுத்தும் வலி சில மணி நேரம், கடுப்பு ஒன்றிரண்டு நாள், அப்புறம் ஒரு வாரத்துக்கு அரிப்பு. அம்மாவுக்கு ஐந்தாம் நாள்தான் அரிப்பு உச்சம். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறைவதற்குப் பதிலாகத் திரும்பக் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அது நஞ்சு இல்லை, புண்ணில் கிருமி போயிருக்கிறது, அதற்கு வேறு மருந்து.

போன வருசம் என் முறை வந்தது. விறகு எடுக்கும்போது வலது நடுவிரலில், இந்தத் தடவை கண் முன்னாலேயே பூரான். தெரிந்த கடி என்பதால் வீட்டிலேயே சுடுதண்ணி வைத்தியம் பார்த்துக்கொண்டேன். இதில் விசயம் இருக்கிறது. பூரான் நஞ்சிலுள்ள வலி தரும் பொருட்கள் பல, சூட்டுக்குத் தாங்காத புரதங்கள் என்பதால் 45 பாகை செல்சியஸ் அளவு தண்ணீரில் இருபது முப்பது நிமிடம் வைத்திருந்தால் வலி இறங்கும் என்கிறார்கள். தாய்வானில் ஒரு ஆஸ்பத்திரியில் சுடுதண்ணி, ஐஸ், வலி ஊசி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், மூன்றும் வலியைக் குறைத்தன, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் ஐஸ் இல்லாத லயத்தில் அடுப்பு இருந்தால் போதும்.

வெப்பமானி இல்லாமல் 45 பாகையை எப்படிப் பிடிப்பது? எங்கள் பீலித் தண்ணி மழைக்காலத்தில் ஏறக்குறைய இருபது பாகை குளிர்ச்சி. கொதிக்கும் தண்ணி ஒரு பங்குக்குப் பீலித் தண்ணி இரண்டு பங்கு கலந்தால் 45ஐ ஒட்டி, ஒன்றிரண்டு பாகை கூடுதலாக வரும், பேசினில் ஊற்றிய உடனே அதுவும் குறையும். அப்படியும் நேரே கையை விடக்கூடாது. கடிபடாத கையின் முழங்கையை முதலில் விட்டுப் பார்க்க வேண்டும், கடிபட்ட விரலுக்கு இருக்கிற எரிச்சலில் சூடு தெரியாது, வெந்து போனாலும் தெரியாது. முழங்கை தாங்குகிற சூடு, ஆனால் சுகமில்லாத சூடு, அதுதான் அளவு. தண்ணி ஆற ஆறக் கையை வெளியே எடுத்துவிட்டுத்தான் சூடு ஊற்றிக் கலக்க வேண்டும். எனக்குப் பதினைந்தாவது நிமிடம் வலி சட்டென்று மங்கியது, கையை வெளியே எடுத்தால் திரும்ப வந்தது, திரும்ப விட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் செய்ய மாட்டேன், நீரிழிவில் கால் மரத்துப்போனவர்களுக்கும் வேண்டாம், அவர்களுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் அல்லது குளிர்ந்த தண்ணீர்த் துணி போதும். அதையும் ஒரேயடியாக வைக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்து வைக்க வேண்டும்.

காணாக்கடிக்குச் சுடுதண்ணி கிடையாது. அன்றைக்கு அம்மாவுக்கு நான் கொடுக்காததற்குக் காரணம் அதுதான். விரியன் கடித்த காலைச் சுடவைத்து என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசையில்லை.

தேள் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன், எங்கள் பக்கம் அதன் ஆபத்து குறைவு என்பதால். மழைக்கு வெளியே வரும் பெரிய கருந்தேளைப் பார்த்தால் ஈரக்குலை நடுங்கும், நண்டு மாதிரிக் கொழுத்த கிடுக்கி, ஆனால் அதன் கொட்டு குளவிக் கொட்டு அளவுக்குத்தான். கிடுக்கி தடித்து வால் மெலிந்த தேள் பெரும்பாலும் கிடுக்கியை நம்பி வாழ்வது, கிடுக்கி மெலிந்து வால் தடித்தது நஞ்சை நம்பி வாழ்வது. இது முழு விதி இல்லை, பார்த்தவுடன் எந்தப் பக்கம் பயப்பட வேண்டும் என்பதற்கு உதவும். நாட்டில் உயிருக்கு ஆபத்தான தேள் என்று அறியப்பட்டது யாழ்ப்பாணப் பக்கத்துச் செந்தேள், இந்தியாவிலும் உள்ள அதே இனம், சின்னது, மெலிந்த கிடுக்கி. அதன் நஞ்சு இதயத்தைப் பிடிக்கும், உடம்பு வேர்த்துக் கொட்டும், கையும் காலும் சில்லிடும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கும். மகாராட்டிரத்தில் ஹிம்மத்ராவ் பவஸ்கர் என்ற கிராமத்து டொக்டர், 1980களில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையை இதற்குக் கொடுத்து எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றினார், இப்போது யாழ்ப்பாணத்திலும் அதே மருந்துதான் கொடுக்கிறார்கள். அங்கே போய் வேலை செய்கிற நம் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஊரில் தேள் கொட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்த பழக்கத்தில் அங்கேயும் படுத்துவிடக்கூடாது. பேச்சு வந்ததால் சொல்கிறேன், வடக்கில் பூரானை மட்டத்தேள் என்பார்கள், ஆஸ்பத்திரியில் "மட்டத்தேள்" என்று கேட்டு ஒருத்தி தேள் என்று நினைத்துக்கொண்ட கதை எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது.

எது கொட்டினாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், இந்த ஆட்களைக் காத்திருக்க வைக்காமல் கொண்டு போய்விடுங்கள்: சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள். மற்றவர்களில் முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ, மூச்சு விசிலடித்தாலோ, தலை சுற்றி விழப் பார்த்தாலோ அது ஒவ்வாமை, அது பெரும்பாலும் கடித்த சில நிமிடத்திலேயே வந்துவிடும், அந்த நேரத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கக்கூடாது.

மந்திரிக்கிற தாத்தாவைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் தோட்டத்தில் ஒருவர் இருந்தார், வேப்பிலையால் தடவிக் குசுகுசுவென்று ஏதோ சொல்லி ஊதுவார், இறங்கிவிட்டது என்பார், உண்மையாகவே இறங்கியிருக்கும். மலைநாட்டுத் தேளும் பூரானும் தாமாகவே சில மணி நேரத்தில் வலியை விட்டுவிடுகின்றன, அந்தச் சில மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது, பயந்து நடுங்குகிற ஆள் அமைதியாவதும் வைத்தியத்தில் ஒரு பங்குதான். ஆனால் அவர் கையில் வந்த ஒரு கரவலாக் கடியும் அதே வேப்பிலையோடு இரவெல்லாம் இருந்தது, அந்த ஆள் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு காம்பராவை அலசினோம். பூரான் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கண்டுபிடித்தது, மழைத்தண்ணி உள்ளே வராமல் இருக்கப் பின்கதவுக்கு அடியில் நாங்களே திணித்து வைத்திருந்த சாக்கு. மாசக்கணக்கில் நனைந்து கிடந்ததை எடுத்து உதறினால் இன்னும் இரண்டு குட்டிப் பூரான்களும் மண்புழுவும். பூரானைத் தடுக்கப் பூரானுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்தச் சாக்கை எரித்துவிட்டு, தம்பி பழைய லொறி டியூபை ஒரு சாண் அகலத்தில் நீளமாக வெட்டிக் கதவின் கீழ்விளிம்பில், தரையைத் தொடுகிற மாதிரி ஆணி வைத்தான். விறகை நான்கு கல்லின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குகிறோம், எடுக்கும்போது வெளியே போட்டு ஒருமுறை தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறது. படுக்கையும் சுவரிலிருந்து தள்ளித்தான், நுளம்பு வலையின் ஓரம் பாய்க்கு அடியில். சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டாமல் பிள்ளைகள் போடுவதில்லை. கடையில் நோட்டுக் காசு பார்க்க வைத்திருக்கிற புற ஊதாக் கதிர் டோர்ச் ஒன்று தம்பி வாங்கி வந்தான், இருட்டில் அடித்தால் தேள் பச்சை நீலமாக மின்னுகிறது. மழை விட்ட இரவில் பின்சுவரோரம் ஒரு சுற்று அடித்துப் பார்ப்பது இப்போது பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது, போன ஐப்பசியில் ஒரே இரவில் நான்கு எண்ணினார்கள்.

அம்மாவுக்கு அந்த டியூப் மட்டும் பிடிக்கவில்லை. கதவைச் சாத்தும்போது நாய் எதையோ இழுத்துக்கொண்டு வர்ற மாதிரி ஒரு சத்தம் கேக்குது என்கிறார். மெட்டியையும் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை, சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு தாளில் சுற்றி வைத்திருக்கிறார், கேட்டால் "மழ விட்டதும் போடுறேன்" என்கிறார்.